மைக் அணைந்த பிறகு

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா? தயங்காமக் கேளுங்க."

மனநலம் பற்றி முக்கால் மணி நேரம் பேசி முடித்த மருத்துவர் இப்படிக் கேட்டதும் அரங்கில் ஒரு மௌனம் விழும். தூத்துக்குடியில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்த மௌனம் ஒன்றுதான். முன்வரிசையில் துறைத்தலைவர்கள், நடுவில் என்.எஸ்.எஸ். பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிக்கிறான். "ஏல, நீ கேளுல. ஒனக்குத்தான கோட்டி." அடக்கிய சிரிப்பு. பிறகு நன்றியுரை, நாட்டுப்பண், வடை, காபி.

கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பேச்சாளர் மாடிப்படி இறங்கும்போது ஒரு மாணவி கொஞ்சம் தள்ளியே பின்னால் வருவாள். கார் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, "மேடம், என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்" என்பாள். அந்த ஃப்ரெண்ட் யார் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நோய் என்ன, மருந்து என்ன என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு அடுத்த கவலை. முதலில் கேட்பது இதைத்தான்: "சொன்னா வீட்டுக்குச் சொல்லிருவாங்களா?"

இதை வெறும் கூச்சம் என்று நான் நினைக்கவில்லை. சரியாகக் கணக்குப் போட்டுத்தான் பயப்படுகிறார்கள். சொன்னால் அது எங்கே போகும், யார் காதுக்கு எட்டும், கல்யாணப் பேச்சு நடக்கும்போது யார் நினைவில் எழும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "பயப்படாமல் பேசுங்கள்" என்று மேடையில் சொல்கிறவருக்கு, பேசிய பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கை மாறும் என்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

முத்துக்குளிப்பு உவமை இல்லாமல் இந்த ஊரில் மேடைப்பேச்சு நடக்காது. மனம் ஆழ்கடல், துணிந்து மூழ்கினால் முத்து என்பார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு அறுபதுகளின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தாத்தாக்கள் பார்த்திருந்தால் உண்டு. அந்த உவமையில் உண்மையிலேயே பயன்படக்கூடிய பகுதியை யாரும் எடுப்பதில்லை. குளிக்கிறவன் தண்ணீருக்குள்ளிருந்து கத்த முடியாது. தோணியில் கயிறு பிடிப்பது யார், எப்படி இழுத்தால் தூக்க வேண்டும் என்பது அவன் இறங்குவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். கயிறு பிடிப்பவன் பராக்குப் பார்த்தால் குளிக்கிறவனின் தைரியத்தால் ஒரு பயனும் இல்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பைத்தியத்துக்குக் 'கோட்டி' என்று பெயர். கொஞ்சும்போதும் சொல்வோம், வையும்போதும் சொல்வோம். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற பேட்டையின் பெயரே வசவானது போல, தெற்கே ஏர்வாடியின் பெயர் ஆயிற்று. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 2 மணி நேரம். இதே மன்னார் வளைகுடாக் கரைதான். அங்குள்ள தர்காவுக்கு மனம் பேதலித்தவர்களை நேர்ந்துகொண்டு கூட்டிப்போவது மதம் பார்க்காத வழக்கம். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய 'காப்பகங்கள்' முளைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அவற்றில் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சில நாட்களில் அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகத் தடை செய்கிறது.

இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் தீக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் 'மனநோய்' என்ற சொல்லைக் கேட்டதும் வீடுகளில் எழும் சித்திரம் அந்தச் சங்கிலிதான். தூக்கம் கெட்டு, படிப்பில் மனம் நிற்காமல் இருக்கும் 19 வயதுப் பெண் தன்னை அந்தச் சித்திரத்தோடு சேர்த்துப் பார்க்க மாட்டாள். "எனக்கு அதெல்லாம் இல்ல, தலைதான் பாரமா இருக்கு" என்பாள். நம் ஊரில் மனத்துயரம் முதலில் உடம்பின் மொழியில்தான் பேசும். தலைபாரம், நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி. விழிப்புணர்வுப் பேச்சு 'டிப்ரஷன்' என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் அவளைத் தாண்டிப் போய்விடும்.

பேச்சு என்றைக்காவது வேலை செய்கிறதா? 2015-ல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கறாராகச் சோதித்தது. ஐரோப்பாவில் 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் நிபுணர்கள் மாணவர்களைச் சலித்துத் தேடினார்கள். வேறு சிலவற்றில் மாணவர்களையே 4 வாரங்களில் 5 மணி நேரம் உட்காரவைத்தார்கள். அதில் 3 மணி நேரம் நடித்துப் பார்ப்பது: நண்பன் இப்படிச் சொன்னால் நீ என்ன சொல்வாய், அவனாக நீ இருந்தால் எப்படி இருக்கும் என்று. மிச்சம்தான் உரை. மற்றப் பள்ளிகளில் சுவரொட்டி மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சுவரொட்டி மட்டும் கண்ட பிள்ளைகளில் 1.51 சதவீதம் பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். நடித்துப் பார்த்த பிள்ளைகளில் அது 0.70 சதவீதம். ஆசிரியர் பயிற்சியும் நிபுணர் சலிப்பும் சொல்லத்தக்க வித்தியாசத்தைக் காட்டவில்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள், ஐரோப்பியர்கள். அந்த எண்ணை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. கடைசி வரிசைப் பையன் 'கோட்டி' என்று இடித்தானே, அவனுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லலாம் என்று ஒரு முறையாவது வாயால் சொல்லிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும்.

களங்கத்தைக் குறைப்பது பற்றிய ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. நோயின் பட்டியலைக் கேட்பதைவிட, அதிலிருந்து மீண்ட ஒருவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதுதான் மனதை அதிகம் மாற்றுகிறது. வருகிறவர் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. இதே கல்லூரியில் படித்து, ஒரு செமஸ்டர் முழுக்க அறையை விட்டு வெளியே வராமல் கிடந்து, சிகிச்சை எடுத்து, இப்போது துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீண்டவர் தயார் செய்துகொண்டு வந்து பேசுவது வேறு. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மைக்கில் கொட்டவைப்பது வேறு. சில கூட்டங்களில் பேச்சாளரின் உருக்கத்தில் யாராவது எழுந்து அழுதுகொண்டே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அரங்கம் கைதட்டும். 10 செல்போன்கள் படம் எடுக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வராது. கூட்டத்தில் யாரும் எழுந்து பேசவில்லை என்றால் அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதே இல்லை. பேசுகிறவரின் வேலை, யாரிடம், எந்த அறையில், எத்தனை மணிக்குப் பேசலாம் என்பதைக் காட்டிவிட்டுப் போவது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு பி.காம். அப்பா மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மாதம் மே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. வீட்டில் அப்பா சும்மா இருக்கிறார், குடி கூடியிருக்கிறது. செமஸ்டர் தேர்வு இதே நேரத்தில்தான். உப்பளத்து வீட்டுப் பிள்ளைக்கு இதே நெருக்கடி அக்டோபரில் மழை இறங்கியதும் வரும், நவம்பர் தேர்வோடு சேர்ந்து. செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள், அக்டோபர் 10 மனநல நாள் என்று உலக நாட்காட்டியைப் பார்த்துக் கூட்டம் போடுகிறோம். கடலையும் உப்பையும் பார்த்துத் தேதி குறித்தால் கூடுதலாக உதவும்.

அந்த மாணவி டியூட்டரிடம் "தலைவலி மிஸ், கிளாஸ்ல உட்கார முடியல" என்கிறாள். இரண்டு வாரத்தில் இது நான்காவது முறை. டியூட்டர் கவனித்து, "ஆலோசகர் மேடத்தப் பாக்கிறியாம்மா? நான் கூட வரவா, நீயே போயிக்கிடுதியா?" என்று கேட்கிறார். இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். முடிவு அவள் கையில் இருக்கிறது.

ஆலோசகர் முதலில் சொல்ல வேண்டியது ரகசியம் பற்றி. "நீ சொல்றது என்னோட இருக்கும். உன் உயிருக்கோ, வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்டச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்." விதிவிலக்கை மறைத்து "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்கிற ஆலோசகர், அதை மீற வேண்டி வரும் நாளில் அந்தக் கல்லூரியின் மொத்த நம்பிக்கையையும் தொலைப்பார்.

பிறகு கேள்விகள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் 9 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் என்பதுதான் அளவு. இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. நம் மாணவிக்குத் தூக்கத்தில் 3. எதிலும் ஆர்வமின்மை, மனம் வாடியிருத்தல், அசதி, கவனமின்மை ஆகிய நான்கிலும் 2 வீதம். பசியில் 1, குற்றவுணர்வில் 1, பேச்சும் நடையும் மந்தமாவதில் 0. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுவது பற்றியது. அதற்கு அவள் 1 போட்டிருக்கிறாள். மொத்தம் 14. 10-ஐ எட்டினாலே மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த எண்ணை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் போல ஒரு தொடக்கம்தான். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியையும் வாட்டத்தையும் கொடுக்கும் என்பதால் நல்ல மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்.

ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே, அங்கேயே, நேராகக் கேட்க வேண்டும். "செத்துப் போயிரலாம்னு தோணியிருக்காம்மா? எப்படின்னு யோசிச்சிருக்கியா? இன்னிக்கு அப்படித் தோணுதா?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே மூட்டிவிட்டதாகிவிடுமோ என்று பேராசிரியர்கள் நடுங்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2,000-க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. "ஒருத்தர் கேட்டாங்களே" என்ற நிம்மதிதான் அறைக்குள் பெரும்பாலும் தெரியும்.

அவள் சொல்கிறாள்: "தூங்கி எந்திரிக்காம இருந்தா நல்லாருக்கும்னு தோணும் மேடம். வேற ஒண்ணும் நெனைக்கல." திட்டம் இல்லை, இன்றைக்கு அந்த எண்ணம் இல்லை. திட்டமோ உறுதியோ இருந்திருந்தால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். இப்போது ஒரு தாளில் அவள் கையாலேயே எழுதவைக்கிறார்கள். கெட்ட நேரம் வருவது எப்படித் தெரியும்? ராத்திரி 11 மணிக்கு அப்பா சத்தம் போட்டதும். அப்போது தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணியும்? யாரோடு இருந்தால் மறக்கும்? வாய்விட்டு யாரிடம் கேட்கலாம்? அப்பாவிடம் முடியாது, அம்மா பயந்துவிடுவார். பக்கத்துத் தெரு அத்தையிடம் சொல்லலாம் என்கிறாள். கடைசியில் எண்கள். 14416, மத்திய அரசின் டெலி-மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவும் பகலும் தமிழில் எடுப்பார்கள். தமிழக அரசின் 104. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சினேகா'வின் 044-24640050. வீட்டில் ஆபத்தான பொருள் ஏதாவது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதை யார் அப்புறப்படுத்துவது என்பதும் அந்தத் தாளில் இருக்கும். ஒரே அறை உள்ள வீட்டில் இரவு 11 மணிக்கு எங்கே நின்று போன் பேசுவது என்பதையும் நல்ல ஆலோசகர் கேட்பார். எண்ணை மட்டும் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அத்தையோடு அவள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறாள். மாத்திரை எழுதப்பட்டால், முதல் வாரத்தில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம், பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவாள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கவனிக்கவும் வேண்டும், தற்கொலை எண்ணம் அப்போது சிலருக்குக் கூடக்கூடும். அதனால்தான் ஆலோசகர் அடுத்த சந்திப்பின் தேதியைப் போட்டுவிட்டு எழுகிறார். அடுத்த முறை அதே 9 கேள்விகள். 14 என்பது 9-க்கு வந்தால், 5 புள்ளி குறைவது கணக்கில் எடுக்கத்தக்க முன்னேற்றம். இறங்கவில்லை என்றால் அளவோ மருந்தோ முறையோ மாற வேண்டும்.

எங்கே கெடும்? பெரும்பாலும் ஸ்டாஃப் ரூமில். "அந்தப் பிள்ளைக்கு ஏதோ பிரச்சினையாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். டியூட்டருக்குத் தெரிய வேண்டியது, வருகைப்பதிவில் சலுகை தேவை என்பது மட்டும். இன்னொன்று: அவளைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடுவது. அப்பா மறுநாள் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போவார். மூன்றாவது கெடுதல் நிர்வாகத்துக்குக் கண்ணில் படாதது. வருகைப்பதிவு குறைந்தவன், சண்டை போட்டவன், செல்போனோடு பிடிபட்டவன் எல்லோரையும் "போய் கவுன்சலிங் எடுத்துக்கிட்டு வா" என்று அனுப்புவார்கள். ஒரு செமஸ்டரில் அந்த அறை தண்டனை அறை ஆகிவிடும். அதன் பிறகு எத்தனை பேச்சு நடத்தினாலும் யாரும் தானாகப் படியேறி வர மாட்டார்கள்.

மேடைகளில் சட்டம் நம் பக்கம் என்கிறார்கள். பாதி சரி. 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு மனநலச் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பு உரிமை தருகிறது. ஆனால் காக்கும் கடமையை அது சுமத்துவது சிகிச்சை தரும் சுகாதாரப் பணியாளர்கள் மேல். வணிகவியல் பேராசிரியரை அது கட்டாது. ஆலோசகராக வைக்கப்பட்டிருக்கும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரி அந்தச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் எதை யாரிடம் சொல்லலாம் என்ற விதியைக் கல்லூரியே எழுதி, கையெழுத்து வாங்கி, அறை வாசலில் ஒட்ட வேண்டும். "முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ்" என்ற பயத்துக்குப் பதில் தெளிவாக இருக்கிறது. அதே சட்டத்தின் 115-வது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்கும் தண்டனையும் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் வழக்கொழிந்தது. மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுக்கும் நடைமுறை இன்னும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது.

துறைமுக ஊர் என்பதால் இன்னொரு கேள்வியும் வரும். "கப்பல் வேலைக்கு மெடிக்கல் போறப்ப இது தெரியுமா சார்?" கடலோடிகளின் மருத்துவப் பரிசோதனையில் மனநலம் பற்றியும் கேட்பார்கள். கல்லூரி ஆலோசகரிடம் சொன்னது தானாக அங்கே போகாது. ஆனால் படிவத்தில் கேட்டால் பொய் சொல்லச் சொல்லித்தர முடியாது. ஒரு காலத்தில் சிகிச்சை எடுத்தார் என்பதற்காகவே கதவு மூடுவதில்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சிகிச்சை எடுக்காமல் நடுக்கடலில் நிலை குலைவதுதான் பெரிய ஆபத்து.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில், கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் இடைக்கால நெறிமுறைகளைப் பிறப்பித்தது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 2 முறையாவது பயிற்சி. விடுதியிலும் வகுப்பிலும் உதவி எண்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த 'ஒருவராவது' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 பேர் படிக்கும் கல்லூரியில் 100-க்கு 5 பேர் வந்தாலும் 100 பேர். ஆளுக்கு 4 அமர்வு என்றால் 400. ஒரு நாளைக்கு 6 அமர்வு, வாரம் 5 நாள் என்றால் வாரத்துக்கு 30. முடிக்க 13 வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு செமஸ்டர் அவ்வளவுதான். பதினோராவது வாரம் தைரியம் வந்து கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு அந்த செமஸ்டரில் இடமில்லை.

எனவே கூட்டம் நடத்திய கல்லூரிகளிடம் வந்தவர்கள் எண்ணிக்கையை நான் கேட்பதில்லை. அடுத்த 4 வாரத்தில் எத்தனை பேர் யாரும் அனுப்பாமல் தாங்களாகவே அறைக்கு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று கேட்பேன். முதல் எண் பெரிதாக இருந்து இரண்டாவது சிறுத்தால், உள்ளே ஏதோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஏறினால் சில முதல்வர்கள் பதறுகிறார்கள், "நம்ம காலேஜ்ல இவ்வளவு பேருக்கா?" என்று. அவர்கள் முன்பும் இருந்தார்கள், தலைவலி என்று சொல்லிக்கொண்டு.

அப்புறம் ஒரு சின்ன விசாரணை. அறை எங்கே இருக்கிறது? முதல்வர் அறைக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்டு, 'மனநல ஆலோசனை மையம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தால், அந்த வராந்தாவில் பிள்ளைகள் வேகமாக நடந்து கடந்துவிடுவார்கள். நூலகத்துக்குப் போகிற வழியில், சாதாரண மரக்கதவோடு இருந்தால், போகிறவள் புத்தகம் எடுக்கப் போகிறாள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.